படி விளிம்புப் பட்டையும் துளைத் தூசியும்

கான்கிரீட் படியில் காலடி முதலில் பதிவதும், முதலில் தேய்ந்து உதிர்வதும் அதன் முன்விளிம்புதான். அந்த விளிம்பைக் காக்கவும், ஈரக்கால் வழுக்காமல் பிடிப்பளிக்கவும் பொருத்தப்படும் அலுமினியப் பட்டையைத் தச்சரும் கொத்தனாரும் ‘நோசிங்’ என்றே அழைக்கின்றனர். கோயம்புத்தூரில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தின் வெளிப்புற மாடிப்படிகளில் முன்பு ஒட்டப்பட்ட பட்டைகள் பெயர்ந்துவிட்டதால் புதியவை பொருத்தப்பட்டன. இக்கட்டுரை அங்கு பார்த்தவற்றையும், அந்த வேலையைச் செய்த நடுத்தர வயதுத் தொழிலாளி விளக்கியவற்றையும் அடிப்படையாகக் கொண்டது.

பெயர்ந்த பட்டைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தபோது, பசை பட்டையோடு உறுதியாக ஒட்டியிருந்தது. அதன் மேல் சிமென்ட் பூச்சின் மெல்லிய தோலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. தோற்றது பசையன்று, அது பற்றியிருந்த பரப்பே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நம் கட்டடங்களில் கான்கிரீட் படியின் மேல் சிமென்ட் பூச்சு ஒன்று இருப்பது வழக்கம். பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே பிடிப்பு விட்டுப்போன இடத்தில் பசை எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை. ஆகவே தொழிலாளி ஒவ்வொரு படியையும் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்தார். வெற்றொலி எழுந்த இடங்களில் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, எபாக்சிக் கலவையால் நிரப்பி இறுகவிட்டார்.

துளையின் ஆழம் பூச்சைக் கணக்கில் கொண்டே முடிவாகிறது. அங்கே பூச்சு 15 மி.மீ. தடிமன் கொண்டிருந்தது. திருகாணி முறுக்கப்படும்போது விரிந்து துளையின் சுவரைப் பற்றிக்கொள்ளும் நைலான் உறையான ‘ராவல் பிளக்’ 30 மி.மீ. நீளமுடையது. அது பூச்சுக்குள் விரிந்தால் பூச்சைத்தான் பிளக்கும் என்பதால் முழுதும் கான்கிரீட்டுக்குள் இறங்கவேண்டும். எனவே 6 மி.மீ. பிட்டால் 50 மி.மீ. ஆழம் துளையிடப்பட்டு, பிளக்கின் மேல்முனை பூச்சின் அடிமட்டத்தை எட்டும்வரை தட்டி இறக்கப்பட்டது. அதற்கு 50 மி.மீ. நீளத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி பொருந்தியது. கடைகளில் பட்டையோடு சேர்த்துத் தரப்படும் குட்டைத் திருகாணிகளை அவர் எடுத்து ஒதுக்கிவிட்டார். 1200 மி.மீ. நீளப் பட்டைக்கு, இரு முனைகளிலிருந்தும் 50 மி.மீ. தள்ளி, 275 மி.மீ. இடைவெளியில் ஐந்து துளைகள் அமைந்தன. அவை விளிம்புக்கு அருகில் அமைவதால், அதிர்வில் விளிம்பே பெயர்ந்து விழாதிருக்க, கனமான இயந்திரத்தைத் தவிர்த்துச் சிறிய ட்ரில்லிங் மெஷினை அதிகம் அழுத்தாமல் பயன்படுத்தினார்.

இந்த வேலையின் உயிர்நிலை இதற்கடுத்த கட்டத்தில் இருக்கிறது. துளையில் தங்கும் மாவு போன்ற தூசி பிளக்கைச் சுவரோடு சேரவிடாது. அதனால் திருகாணியை முறுக்கும்போது பிளக்கும் உடன் சுழலும். அவ்வாறு சுழலக் கண்டால் துளை தோற்றதென்று பொருள், ஆனால் பலர் அதில் ஈர்க்குச்சியைச் செருகி ஒப்பேற்றிவிடுகின்றனர் (சில மாதங்கள்தான் அது தாங்கும்). இத்தொழிலாளி துளையைச் சிறு தூரிகையால் தேய்த்துக் கைப்பம்பால் ஊதி, மீண்டும் அதையே செய்தார். பசை படும் பரப்பையும் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்து உலரவிட்டார்.

பசையாகப் பாலியூரித்தேன் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் வெயில். 1200 மி.மீ. அலுமினியப் பட்டை 30 பாகை செல்சியஸ் வெப்ப உயர்வில் ஏறத்தாழ 0.8 மி.மீ. நீள்வதால், இறுகியபின் சற்று நெகிழ்ந்து கொடுக்கும் பசையே வெளிப்படிக்குப் பொருந்துகிறது. அது பட்டை அசைவதைத் தடுத்து, நீர் அடியில் புகாமல் காக்கிறது. இழுவையைத் தாங்குவது பிளக்கின் பணி. திருகாணிகள் நடுவிலிருந்து முனைகளை நோக்கி முறுக்கப்பட்டு, பிதுங்கிய பசை உடனே துடைக்கப்பட்டது. 24 மணி நேரத்திற்குப் படிகள் கயிறு கட்டி மறிக்கப்பட்டன. மறுநாள் பட்டையின் முன்விளிம்பை மிதித்துப் பார்க்கையில் ‘டக்’ என்ற ஒலி எழாததே வேலை சரியென்பதற்கு அடையாளம்.

இத்தனைக்கும் கூலி அடிக்கணக்கில்தான். தட்டிப்பார்த்தலும் தூசி அகற்றலும் ஓரடிகூடக் கூட்டாதவை என்பதால், வேலையை எடுத்துக் கீழே விடும் இடைத்தரகரின் கணக்கில் அவை வீண் நேரம். அவற்றைச் செய்பவர் தம் கூலியை இழந்தே செய்கிறார், செய்யாதவர் வேகமான ஆள் என்று பெயர் வாங்குகிறார். பட்டைகள் பெயரும்போது பழி மட்டும் தொழிலாளியின் தலையில் விழுகிறது. பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களுக்கு வேலை ஆணை எழுதும் பொறியாளர்கள், பூச்சைத் தட்டிச் சோதித்தல், துளையைச் சுத்தம் செய்தல் ஆகிய இரண்டையும் தனி வரிகளாக எழுதி, அவற்றுக்குத் தனிக் கூலியும் குறிக்கவேண்டும்.