மூச்சு விடும் இடம்

தெப்ராவில் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு குர்ஆன்கள் இருக்கின்றன. ஒன்று நன்னா தமிழ்நாட்டிலிருந்து கொண்டு வந்த இந்திய அச்சு. மற்றொன்று நான் பள்ளியில் மலாய் உஸ்தாதிடம் ஓதிய, மதீனா முறையில் அச்சான பிரதி. இரண்டிலும் ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். வரிகளுக்கு மேலே இருக்கும் குட்டிக் குட்டிக் குறிகளைப் பார்க்க ஆரம்பித்தபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது.

அந்தக் குறிகள் ஓதுகிறவர் எங்கே நிறுத்தலாம் என்று சொல்பவை. நிறுத்துவதற்கு வக்ஃப் என்று பெயர், மறுபடி தொடங்குவதற்கு இப்திதா. பழைய பிரதிகளில் இவை இல்லை. ஆசிரியரின் வாயைப் பார்த்து மாணவர் கற்றுக்கொண்டார். 12-ஆம் நூற்றாண்டில் சஜாவந்தி என்ற அறிஞர் இந்த இடங்களை வகைபிரித்து ஆளுக்கொரு எழுத்தைக் கொடுத்தார். மீம் இருந்தால் நிறுத்தியே ஆகணும். ஜீம் இருந்தால் நிறுத்தலாம், தொடரலாம். லா இருந்தால் நிறுத்தக் கூடாது. இந்திய அச்சுகள் பெரும்பாலும் அவர் வழியில் போகின்றன.

நிறுத்துவதற்கும் முறை உண்டு. கடைசிச் சொல்லின் குறில் ஒலியை விழுங்கிவிட வேண்டும்; 'அல்லாஹு' என்பது நிறுத்தினால் 'அல்லாஹ்' ஆகிவிடும். நடுவில் மூச்சு முட்டினால் எந்தச் சொல்லின் முடிவிலும் நிற்கலாம், தப்பில்லை. ஆனால் நின்ற இடத்திலிருந்தே தொடரக் கூடாது. ஒன்றிரண்டு சொல் பின்னால் போய், பொருள் கூடிவருகிற இடத்திலிருந்து எடுக்க வேண்டும். "மூச்சு உன்னை நிறுத்தும்ப்பா, ஆனா எங்க ஆரம்பிக்கணும்னு நீதான் முடிவு பண்ணணும்" என்பார் நன்னா. தஜ்வீத் நூல்களும் இதையே சொல்கின்றன: நிற்பதற்கு நிர்ப்பந்தம் இருக்கலாம், தொடங்குவதற்கு எந்த நிர்ப்பந்தமும் கிடையாது.

நிறுத்தம் பொருளையே மாற்றுவதற்குப் பேர்போன இடம் மூன்றாவது அத்தியாயமான ஆல இம்ரானின் ஏழாவது வசனம். வேதத்தில் தெளிவான வசனங்களும் உண்டு, பல பொருள்பட நிற்பவையும் உண்டு என்கிறது அது. அந்தப் பல பொருள் வசனங்களின் உண்மையான விளக்கம் யாருக்குத் தெரியும்? அங்கே அரபு வாக்கியம் இப்படிப் போகிறது: இறைவனைத் தவிர எவரும் அறியார் என்ற கூற்று, அதற்கடுத்து 'வ' என்ற இணைப்புச் சொல், பிறகு கல்வியில் ஊன்றியவர்கள், கடைசியில் அவர்கள் 'நம்புகிறோம்' என்று சொல்வது.

இறைவன் பெயரில் நிறுத்தினால், 'வ' புது வாக்கியத்தைத் தொடங்குகிறது. விளக்கம் இறைவனுக்கு மட்டுமே தெரியும். அறிஞர்கள் நம்புகிறோம் என்று சொல்வதோடு சரி. நிறுத்தாமல் போனால், அதே 'வ' அறிஞர்களை இறைவனோடு சேர்க்கிறது. அவர்களுக்கும் விளக்கம் தெரியும். நம்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே அறிகிறார்கள். ஒரு மூச்சின் இடைவெளியில் மனித அறிவின் எல்லையே நகர்ந்துவிடுகிறது. பெரும்பான்மை அறிஞர்கள் நிறுத்தச் சொல்கிறார்கள். ஆரம்பகால விரிவுரையாளர் முஜாஹித் சேர்த்து ஓதும் பக்கம். அவருடைய ஆசிரியர் இப்னு அப்பாஸின் பெயரில் இரண்டு கருத்துகளுமே வந்திருக்கின்றன.

இரண்டும் எப்படிச் சரியாக முடியும்? 'விளக்கம்' என்பதற்கு ஒரு விஷயத்தின் இறுதி நிலை என்று பொருள் கொண்டால் (மறுமை நாள் எப்போது என்பது போல), அது இறைவனுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லின் பொருளை விரித்துரைப்பது என்று கொண்டால் அறிஞர்களுக்கும் தெரியும். பலர் இப்படித்தான் இரண்டையும் பொருத்துகிறார்கள்.

நன்னாவின் பிரதியில் இந்த இடத்தில் மீம். என் பிரதியில் காஃப், லாம், யா சேர்ந்த சிறு குறி: தொடரலாம், ஆனால் நிறுத்துவதே மேல். ஒன்று கதவைச் சாத்துகிறது, மற்றது ஒருக்களித்து வைக்கிறது. மீமைத் தாண்டி ஓதினால் பாவமா என்று கேட்கலாம். இல்லை. வேண்டுமென்றே பொருளைத் திரிக்காதவரை குர்ஆனில் பாவம் சேர்க்கும் நிறுத்தம் எதுவும் கிடையாது என்று 15-ஆம் நூற்றாண்டில் மறைந்த இப்னுல் ஜஸரி தெளிவாகவே எழுதியிருக்கிறார். குறி என்பது ஓதுகிறவருக்கு முன்னால் போன ஒருவரின் வாசிப்பு.

இதைத் தமிழில் கொண்டுவர முயன்றபோதுதான் எனக்குச் சிக்கல் முழுசாகப் புரிந்தது. அரபில் 'ஊன்றியவர்கள்' என்ற சொல்லின் வேற்றுமை வடிவம் இரண்டு வாசிப்புக்கும் ஒன்றுதான். தமிழில் 'தவிர' பின்னால் வருகிறது. 'இறைவனைத் தவிர' என்று எழுதுவேனா, 'இறைவனையும் அறிஞர்களையும் தவிர' என்று எழுதுவேனா? ஓர் 'உம்' போட்டாலே தரப்பு எடுத்தாகிவிட்டது. அரபில் ஓதுகிறவர் தன் மூச்சால் எடுக்கும் முடிவை, தமிழ் மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டியே நமக்காக எடுத்துவிடுகிறார். மற்ற வாசிப்பு அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறது, அல்லது காணாமலே போகிறது.