180 பெட்டிகளும் ஒரு வரியும்

சென்னை மேற்கு மாம்பலத்தில் சின்னதாகப் பலகாரக் கடை நடத்துகிறார் அந்தப் பெண்மணி. கடைக்கு வருகிறவர்களுக்கு எடை போட்டுக் கொடுப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆபீஸுக்கு மொத்தமாகக் கொடுப்பது வேறு வித்தை என்று 2025 தீபாவளிக்குத்தான் தெரிந்தது. ஆகஸ்ட் கடைசியில், பெருங்குடியில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனம் கேட்டது இதுதான்: 180 பேருக்குப் பரிசுப் பெட்டி. ஒரு பெட்டி வரியோடு சேர்த்து 560 ரூபாயைத் தாண்டக் கூடாது.

கால் கிலோ நெய் மைசூர்பாகு, கால் கிலோ மிக்சர் என்று முடிவானது. சாம்பிளாக மூன்று பெட்டிகள் போட்டார். இரண்டு ஆபீஸுக்குப் போயின. மூன்றாவதைப் பிரிக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். நான்காம் நாள் திறந்தால், மைசூர்பாகின் நெய் அட்டையில் ஊறி லோகோ மேல் கறை. பக்கத்திலிருந்த மிக்சர் நமத்துப்போயிருந்தது. ருசி பார்த்த ஹெச்.ஆர். பெண்ணுக்கு இது தெரியவே வாய்ப்பில்லை; சாம்பிளை அன்றைக்கே எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். ஆனால், தீபாவளிப் பெட்டி ஆபீஸில் இரண்டு நாள், வீட்டில் நாலு நாள் இருக்கும். மைசூர்பாகுக்கு அடியில் பட்டர் பேப்பர், மிக்சருக்குத் தனியாக சீல் வைத்த கவர் என்று மாற்றி, மறுபடி சாம்பிள் அனுப்பினார். அதைப் போட்டோ எடுத்து, எடையைக் குறிப்பிட்டு, கொட்டேஷனோடு இணைத்தார். பிறகு யாரும் ‘நீங்கள் காட்டியது வேறு’ என்று சொல்ல முடியாது.

விலை போடும்போது பலகாரத்துக்கு 400, பெட்டி, கவர், லோகோ உறை, வேன் வாடகைக்கு 100, ஆக 500 ரூபாய். அப்போது இனிப்புக்கு ஜி.எஸ்.டி 5 சதவிகிதம், லேபிள் ஒட்டி பேக் செய்த மிக்சருக்கு 12. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு ஒரே விலைக்கு விற்றால், அதிகமான வரிதான் மொத்தப் பெட்டிக்கும். ஆக, 560. அளவெடுத்துத் தைத்த மாதிரி பட்ஜெட்டில் உட்கார்ந்தது.

கொட்டேஷனில் ‘வரி உட்பட 560’ என்று எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அவருடைய ஆடிட்டர், ‘500 ரூபாய், பொருள் அனுப்பும் நாளில் உள்ள வரி தனி’ என்று மாற்றச் சொன்னார். செப்டம்பர் 3-ம் தேதி ஜி.எஸ்.டி கவுன்சில் கூடி, மிக்சருக்கான வரியை 5 ஆகக் குறைத்தது. அமலாகும் நாள் செப்டம்பர் 22.

மறுநாள் காலையிலேயே ஹெச்.ஆரிடமிருந்து போன். ‘விலை குறையுமா மேடம்?’ வரி தனி என்று இருந்ததால் பதில் சுலபமாக இருந்தது: ‘500-ல் மாற்றமில்லைம்மா. வரி 60-லிருந்து 25 ஆகிவிடும்.’ பெட்டிக்கு 35 ரூபாய், மொத்தம் 6,300 ரூபாய் நிறுவனத்துக்கு மிச்சம். பரிசாகக் கொடுக்கும் பொருளுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி-யை நிறுவனங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்பதால், அது நிஜமான மிச்சம்தான். அந்தப் பணத்தில் ஒரு குட்டி சென்ட் பாட்டில் வைக்கலாமே என்றார் அந்தப் பெண். சென்ட்டுக்கு வரி 18. அது உள்ளே வந்தால் மைசூர்பாகுக்கும் 18. தவிர, மைசூர்பாகில் சென்ட் வாசம் வந்தால் யார் சாப்பிடுவது? யோசனை கைவிடப்பட்டது.

நெய் வாங்க முன்பணம் வேண்டும். இல்லாவிட்டால் வளையல் அடகுக் கடைக்குப் போகும். முன்பணம் தர பில் கேட்டது அக்கவுண்ட்ஸ் பிரிவு. செப்டம்பர் 22-க்கு முன் டாக்ஸ் இன்வாய்ஸ் கொடுத்துப் பணமும் வாங்கியிருந்தால், அந்தத் தொகைக்குப் பழைய 12 சதவிகிதமே விழுந்திருக்கும். அதனால் புரோஃபார்மா இன்வாய்ஸ் மட்டும் கொடுத்து 45,000 ரூபாய் வாங்கினார். பொருளுக்கு வாங்கும் முன்பணத்துக்கு அப்போதே ஜி.எஸ்.டி கட்ட வேண்டியதில்லை.

பர்ச்சேஸ் ஆர்டரில் இன்னொரு சிக்கல். பாக்கிப் பணம் 60 நாளில் என்று இருந்தது. உத்யம் பதிவு பெற்ற குறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, தாமதித்தால் வட்டி உண்டு என்பது சட்டம். பதிவுச் சான்றிதழை அனுப்பினார். சண்டையில்லாமல் 45 ஆனது.

அக்டோபர் 14-ம் தேதி வேன் போனது. ஸ்டோரில் 180-ஐயும் எண்ணவைத்து, டெலிவரி சலானில் கையெழுத்தும் சீலும் வாங்கினார் கடைப் பையன். அன்றைய தேதியில் 94,500 ரூபாய்க்கு இன்வாய்ஸ். அது மூன்றாம் நாளே திரும்பி வந்தது: பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லையாம்! எண்ணைச் சேர்த்து, கையெழுத்தான சலானையும் இணைத்து மறுபடி அனுப்பினார். பாக்கி 49,500 ரூபாய் நவம்பர் கடைசி வாரத்தில், 45 நாள் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கணக்கில் ஏறியது. அன்று மாலையே நெய்க்காரரின் பாக்கி தீர்ந்தது.