பீரோவுக்குப் பின்னால் போகாத வைஃபை

வீடுகளுக்கு இணையம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. எந்த ரவுட்டர் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், "ஃபைபர் ஒயர் எங்கே வந்து இறங்குகிறது, பீரோ எங்கே நிற்கிறது?" என்றுதான் முதலில் கேட்பேன். சின்ன வீட்டில் பெரும்பாலான சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

சென்னைப் புறநகரில் ஒரு வீடு. இரண்டு படுக்கையறை, 750 சதுர அடி. இணைப்பு கொடுத்தவர்கள் பெட்டியை ஹாலில் டிவிக்குப் பின்னால் தரையோரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மகள் அலுவலக வேலை பார்ப்பது பின்னறையில். நடுவே டைல்ஸ் ஒட்டிய குளியலறைச் சுவர், அதை ஒட்டி இரும்பு பீரோ. வீடியோ அழைப்பு அடிக்கடி உறைந்து நின்றது.

"தம்பி, நூறு பிளானை முன்னூறா மாத்திட்டா சரியாயிடுமா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார்.

"இருங்கம்மா, முதல்ல லைன்ல என்ன வருதுன்னு பாத்துடலாம்" என்றேன்.

தெருவே இணையத்தில் இருக்கும் இரவு ஒன்பது மணிக்கு, லேப்டாப்பைக் கேபிள் போட்டு அந்தப் பெட்டியிலேயே நேராகச் செருகினேன். 90 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வந்தது. பின்னறையில் கைபேசியில் பார்த்தால் 6. கைபேசிச் செயலியில் சிக்னல் ஹாலில் -42 dBm, பின்னறையில் -79. இந்த எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மூன்று குறைந்தால் சக்தி பாதியாகிவிடும். -67 வரை இருந்தால் வீடியோ அழைப்பு திக்காமல் ஓடும், -75ஐத் தாண்டினால் தடுமாறும். முன்னூறு பிளான் போட்டிருந்தாலும் அது பீரோ வாசலோடு நின்றிருக்கும்.

பீரோவை நகர்த்த வேறு சுவர் இல்லை. அதனால் சிக்னலை நகர்த்தினேன். பெட்டியிலிருந்து கூரையோரமாக எட்டு மீட்டர் கேட்-6 கேபிள் இழுத்து, நடைவழியின் கதவுக்கு மேலே ஒரு ரவுட்டர் வைத்தேன். அங்கிருந்து இரண்டு அறை வாசலும் நேராகத் தெரியும். ரவுட்டரை Access Point என்ற அமைப்பில் போட்டு, பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டேன். பின்னறையில் -58 வந்தது. பிளான் அதே நூறுதான். 4கே படத்துக்கே நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ். நால்வர் இருக்கும் வீட்டுக்கு நூறு தாராளம்.

ரவுட்டர் அட்டைப்பெட்டியின் மேல் 1200, 1500 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது இரண்டு அலைவரிசைகளையும் சேர்த்த கூட்டுத்தொகை. ஒரு கைபேசிக்கு அது கிடைக்காது. நான் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தைத்தான்: கேபிள் செருகும் துளைகள் கிகாபிட்தானா? விலை குறைந்த பலவற்றில் அவை நூறோடு நின்றுவிடும்; நாளைக்கு 200 பிளான் எடுத்தாலும் 95ஐத் தாண்டாது. வைஃபை 5 என்பது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமான தரம். சுவர் தாண்டித் தூரம் போகும் 2.4இல் அந்த ரவுட்டர் பழைய வைஃபை 4 ஆகத்தான் வேலை செய்யும். வைஃபை 6 இரண்டு அலைவரிசைகளிலும் இயங்கும். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் நெருக்கும் அடுக்குமாடியில், கைபேசியும் வைஃபை 6 ஆக இருந்தால், கூடுதல் பணம் கொடுத்து அதை வாங்கலாம். ஆனால் எந்தத் தரமும் இரும்பைத் துளைக்காது.

இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தைப் பொறுத்தவரை, ஊரெல்லாம் நல்ல பெயர் என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் தெருவில் அந்த ஒயரைப் பராமரிப்பவர் யார், அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் வருகிறார் என்பதே கணக்கு. ஒரே தெருவில் அதே இணைப்பு வைத்திருப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மழை பெய்த மறுநாள் எப்படி இருந்தது? கரண்ட் போனபோது, இன்வெர்ட்டரில் பெட்டி எரிந்துகொண்டிருந்தும் இணையம் நின்றதா? நின்றது என்றால் அவர்கள் பக்கத்துக் கருவிக்கு பேட்டரி போதவில்லை. நீங்கள் யூபிஎஸ் வாங்கியும் பயனில்லை.

இணைப்பு வந்தபின் தடுமாறினால், புகார் கொடுக்கும் முன் லேப்டாப்பில் இரண்டு Command Prompt சன்னல்களில் இவற்றை ஓடவிடுங்கள். விண்டோஸில் இப்படி:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது உங்கள் வீட்டுப் பெட்டி (எண் வேறாக இருந்தால் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்). அதுவே 200 மில்லிசெகண்டுக்குத் துள்ளினால் கோளாறு வீட்டுக்குள். அது ஐந்துக்குள் அமைதியாக இருந்து, இரண்டாவது மட்டும் Request timed out என்று அடிக்கடி சொன்னால் கோளாறு லைனில். பெட்டியில் LOS விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை. ஒயர் மடங்கியிருக்கலாம், அறுந்திருக்கலாம். ஆள் வந்தே ஆக வேண்டும்.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டினால் விலை குறையும். ஆனாலும் முதல் மழைக்காலம் கழியும்வரை மாதாமாதம் கட்டுங்கள். விளம்பர விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதையும், அன்லிமிடெட் பிளானில் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.