பன்னிரண்டு சாக்கின் எடை

பெரியப்பா 2023 ஆடியில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு இரண்டு தடவை கொப்பரை கொண்டுபோனார். முதலில் பதினெட்டு மூட்டை, பத்து நாள் கழித்துப் பன்னிரண்டு மூட்டை. அந்த வருடம் அரவைக் கொப்பரைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய். வெளியில் வியாபாரி எண்பது ரூபாய்க்குக் கேட்டுக்கொண்டிருந்தபோது கிலோவுக்கு 108.60. பெரியப்பா அதை நம்பித்தான் பெரியம்மாவின் சங்கிலியை அடகு வைத்திருந்தார்.

முதல் சரக்குக்கு ஐந்து வாரத்தில் பணம் வந்தது. இரண்டாவதற்கு நான்கு மாதமாகியும் வரவில்லை. விற்பனைக்கூடத்தில் போய்க் கேட்டால், "போட்டாச்சே, பேங்கில கேளுங்க" என்றார்கள். பேங்கில் கேட்டால், "எதுவும் வரலைங்க". தீபாவளிக்கு நான் ஊருக்குப் போனபோது பெரியப்பா ஒரு பிளாஸ்டிக் கவரை என் மடியில் வைத்து, "நீ கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணுவியே கண்ணு, இதப் பாரு" என்றார்.

கவருக்குள் எடைச்சீட்டு இரண்டு, கொள்முதல் ரசீது இரண்டு. எடைச்சீட்டு எலக்ட்ரானிக் தராசிலிருந்து வருகிற வழவழப்பான தாள். முதல் சீட்டில் எழுத்தே போயிருந்தது. இரண்டாவது மங்கல்தான், ஆனால் வாசிக்க முடிந்தது. முதல் வேலையாக அதை ஜெராக்ஸ் எடுத்தேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அடுத்துச் செய்தது முட்டாள்தனம்.

எடைச்சீட்டில் 607.2 கிலோ. ரசீதில் 600 கிலோ. ஏழு கிலோவைத் தின்றுவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் பொங்கியது. விற்பனைக் குழுச் செயலாளருக்கு இரண்டரைப் பக்க மனு எழுதினேன். விவசாயியின் வயிற்றெரிச்சல் என்றெல்லாம் வந்தது. கடைசியில் 65,941 ரூபாய் 92 காசு தரவேண்டும் என்று முடித்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போனால், மனு எடைப் பிரிவுக்குப் போயிருந்தது. பணம் வராத விஷயத்தை யாரும் பார்க்கவே இல்லை. எடைப் பிரிவில் இருந்த வயதான ஊழியர் சீட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, சணல் சாக்கு ஒண்ணு அறுநூறு கிராம். பன்னெண்டு சாக்கு. நீங்களே பெருக்கிப் பாருங்க." 7.2 கிலோ. பெரியப்பா பக்கத்தில் நின்று, "அது எனக்குத் தெரியுமே, நீ கேக்கவே இல்லையே" என்றார்.

இரண்டாவது மனு ஒரே பக்கம். பெயர், பதிவு எண், ரசீது எண், தேதி, மூட்டை 12, நிகர எடை 600 கிலோ, விலை 108.60, வரவேண்டியது 65,160 ரூபாய். அதற்குக் கீழே இரண்டே கேள்வி: இந்தச் சரக்கு எந்தக் கிடங்கு ரசீதில் சேர்ந்தது? பணம் அனுப்பியிருந்தால் எந்தத் தேதியில், எந்தக் கணக்கு எண்ணுக்கு, எந்த யூடிஆர் எண்ணில்? ரசீது, எடைச்சீட்டு, பாஸ்புக் முதல் பக்கம் மூன்றுக்கும் நகல் இணைத்தேன். அசலைக் கொடுக்கவில்லை. மனுவின் இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டோம். அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது.

கிடங்கைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. விற்பனைக்கூடத்தில் எடை போட்டதோடு முடிவதில்லை. சரக்கு கிடங்குக்குப் போய், அங்கே ஈரப்பதம் ஆறு சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று மறுபடி பார்த்து, கிடங்கு ரசீது போட்டால்தான் மேலிருந்து பணம் இறங்கும். லோடு அங்கே நின்றுபோனால் எல்லாருக்கும் நிற்கும். ஆனால் அதே நாளில் போட்ட பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் பணம் வந்திருந்தது. அப்படியென்றால் சிக்கல் லோடில் இல்லை, பெரியப்பாவின் வரியில்தான் இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. பணம் செப்டம்பரிலேயே போயிருக்கிறது. யூடிஆர் எண்ணும் கணக்கு எண்ணும் இருந்தன. பாஸ்புக்கில் கடைசி நான்கு எண் 4471. பதிலில் 4417. அந்த எண்ணில் கணக்கே இல்லாததால் பணம் திரும்பி வந்து குழுவின் கணக்கிலேயே கிடந்தது. அவர்கள் ஏட்டில் 'வழங்கப்பட்டது' என்று முடிந்துவிட்டதால் யாரும் அதைத் தேடவில்லை. "போட்டாச்சே" என்றது பொய்யில்லை. ரசீதை எடுத்துப் பார்த்தோம். அதிலும் 4417 என்றே அச்சாகியிருந்தது. நான்கு மாதமாக அது எங்கள் கையில்தான் இருந்தது. நான் கிலோவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் வராவிட்டால் போடலாம் என்று தகவல் உரிமை மனு ஒன்றைப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதி வைத்திருந்தேன். அது இப்போதும் மேஜை டிராயரில் கிடக்கிறது.

திருத்தக் கடிதம், ரத்து செய்த காசோலை எல்லாம் கொடுத்தபின் ஜனவரியில் 65,160 ரூபாய் வந்தது. வட்டி கேட்க ரசீதில் தவணைத் தேதி என்று எதுவும் இல்லை. சங்கிலிக்குக் கட்டிய வட்டி போனதுதான். அடுத்த கொள்முதலில் பெரியப்பா ரசீது வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள், "ஏனுங்க, பள்ளிக்கூடமா நடக்குது?" என்று கேட்டார்கள். அவர் கடைசி எண் வரை படித்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.