நோவுக்கு மருந்து கேட்ட இரவு

"ஒரு ஊசியும் போடாமல்தான் நாங்கள் அஞ்சு பெத்தனாங்கள்" என்றா மாமி. கிளினிக்கில் எபிடியூரல் பற்றிக் கேட்கப்போகிறேன் என்று நான் வாய்தவறிச் சொன்ன நாள் அது. நாரியில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் நாரி நோதான் என்றும் சேர்த்துச் சொன்னா.

டொக்டரிடம் முதலில் அதைத்தான் கேட்டேன். குத்தின இடம் சில நாள் நோகுமாம். நீண்டகால நாரி நோ, ஊசி போடாமல் பெத்தவைக்கும் அதே அளவுக்கு வருகிறது என்றா. பிறகு அவ என்னைக் கேட்டா: "இரவு ரெண்டு மணிக்குக் கேட்டால் போட ஆள் இருக்கோ எண்டு நீங்கள் கேக்கேல்லையே?" எபிடியூரலை மயக்கமருந்து டொக்டர்தான் போடவேணும். அவர் தியேட்டரில் நின்றால் காத்திருக்கவேணும். பல ஆஸ்பத்திரிகளில் அந்த வசதியே இல்லை. இரத்தத்தில் பிளேட்லெட் குறைவாக இருந்தாலும் போடமாட்டார்கள். இதையெல்லாம் நோ வந்தபிறகு தெரிந்துகொண்டு என்ன செய்கிறது?

எனக்குப் பின்னேரம் ஆறு மணிக்குத் தண்ணீர்க்குடம் உடைந்தது. ஒன்பது மணிக்குக் கருப்பைவாய் மூன்று சென்ரிமீற்றர். பிள்ளையின் முகம் முன்பக்கம் பார்த்திருந்ததால் நோ முழுக்க நாரியில். படுத்தால் தாங்கேலாது. எழும்பி நடந்தேன், கட்டிலைப் பிடித்துக் குனிந்து நின்றேன். ஒவ்வொரு முறை நோ வரும்போதும் அக்கா உள்ளங்கையின் அடிப்பாகத்தால் நாரிக்குக் கீழே அந்த எலும்பை அழுத்தினா. தடவுகிறது இல்லை, முழுப் பாரத்தையும் போட்டு அழுத்துகிறது. பதினொரு மணி வரைக்கும் அதுவும் சுடுதண்ணீர் ஷவரும் போதுமாக இருந்தது, உண்மையாக. அக்காவின் கைதான் முதலில் களைத்தது.

பிறகு காஸ். பாதி நைட்ரஸ் ஒக்சைட், பாதி ஒட்சிசன். முதல் இரண்டு தரமும் நோ உச்சத்தில் நிற்கும்போதுதான் மாஸ்கைப் பிடித்தேன். ஒரு பிரயோசனமும் இல்லை. காஸ் வேலை செய்ய அரை நிமிடம் அளவில் எடுக்கும். நோவோ ஒரு நிமிடம்தான். ஆக, தலை சுற்றத் தொடங்கும்போது நோ போய்விட்டது! மருத்துவமாது என் வயிற்றில் கைவைத்து, "இறுகத் தொடங்கேக்கையே இழுங்கோ பிள்ளை, விட்டவுடனே கழட்டுங்கோ" என்றா. அப்படிச் செய்தபோது நோ போகவில்லை, ஆனால் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. ஒருதரம் சத்தி எடுத்தேன். அக்கா மாஸ்கைப் பிடித்துவிட வந்தா, மருத்துவமாது விடவில்லை. மயக்கமாக வந்தால் என் கை தானாக விழவேணும், அதுதான் அதில் உள்ள பாதுகாப்பு.

கொஞ்ச நேரத்தில் முடியப்போகிற பிரசவம் என்றால் காஸோடேயே சமாளித்திருப்பேன். எனக்கு ஒன்றரை மணிக்கும் ஐந்து சென்ரிமீற்றர்தான். எபிடியூரல் கேட்டேன். கேட்கும்போது அழுதேன், நோவால் இல்லை, தோற்ற மாதிரி ஒரு வெட்கம்.

தலையணையைக் கட்டிப்பிடித்து முதுகை வளைத்து இருக்கச் சொன்னார்கள். முதலில் தோலை விறைக்கவைக்கிற ஊசி. கஷ்டம் என்னவென்றால் அசையாமல் இருப்பதுதான். நோ வரும்போது, "வருது டொக்டர்" என்று சொன்னேன், அவர் நிறுத்திக் காத்திருந்தார். ஊசியை எடுத்துவிடுவார்கள், மெல்லிய குழாய் மட்டும் முதுகில் நிற்கும். இருபது நிமிடத்தில் இடப்பக்கம் நோ இல்லை. வலப்பக்கம் அப்படியே! அப்படி நடக்குமாம். குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து, வலப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, இன்னொருதரம் மருந்து விட்டபிறகு சரியானது. இடையில் பிரஷர் இறங்கி ஓங்காளித்தது. உடனே சேலைனைக் கூட்டினார்கள். ஆகவே பிரஷரையும் பிள்ளையின் இதயத்துடிப்பையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கால் பாரம், நடக்கேலாது. சலத்துக்கும் குழாய்.

ஆனால் மூன்று மணித்தியாலம் நித்திரை கொண்டேன்.

அதுக்கு விலை கடைசியில். முழுக்கத் திறந்தபிறகும் முக்கவேணும் என்ற உணர்வு வரவில்லை. பிள்ளை கீழே இறங்க ஒரு மணித்தியாலம் விட்டார்கள். பிறகு மருத்துவமாது சொல்லச் சொல்ல ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முக்கினேன். எபிடியூரலோடு இந்தக் கட்டம் நீளலாம் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. வீட்டுக்கு வரும்போது இன்னொன்றும் சொன்னார்கள்: எழும்பி இருந்தால் தலை பிளக்கிற மாதிரி இடித்து, படுத்தால் குறைந்தால், உடனே வரவேணும். நூறில் ஒருவருக்கு அளவில் ஊசி உள்சவ்வில் பட்டு அப்படி வரும், அதுக்கு வைத்தியம் இருக்கு. எனக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் மாமி முழுகவார்க்கும்போது என் நாரியைப் பார்த்தா. நுளம்புக்கடி அளவில் ஒரு புள்ளி.

"இவ்வளவுதானோ?" என்றா. பிறகு தண்ணீர் அள்ளிக்கொண்டே, "ரெண்டாவதுக்கு நான் ஒண்டரை நாள் கத்தினனான்" என்றா. அந்தக் கதையை அவ இதுவரை ஒருத்தருக்கும் சொன்னதில்லை.