கொட்டங்காய் மரத்துக்கு இலை வைத்தல்

படத்தில் மரம் மொட்டையாக நிற்கிறது, வீட்டுக்காரர் இலை கேட்கிறார். போட்டோ திருத்துகிற தொழிலில் இருப்பவர்களுக்கு இது வழக்கமான வேண்டுகோள்தான். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் சில வேளை சிவந்த மேப்பிள் இலையே கேட்பார்கள். கற்பிட்டிப் பக்கத்து மணலில் மேப்பிள் முளைத்த கதையை யாரும் நம்பப் போவதில்லை என்று சொல்லிப் பார்ப்பேன். பள்ளிவாசல்துறையில் இருந்து வந்த ஒரு நானா அப்படியெல்லாம் கேட்கவில்லை. அவருடைய வாப்பா வீட்டு முற்றத்துக் கொட்டங்காய் மரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிற படம் அது. வாப்பாவும் இல்லை, மரமும் இல்லை. படம் எடுத்தது மார்ச் மாதத்தில், மரம் இலையைக் கொட்டி முடித்திருந்த கிழமையில். மரத்தை நாங்கள் கண்டபடி ஆக்கித் தாருங்கள் என்றார்.

கொட்டங்காயைத் தமிழ்நாட்டில் நாட்டு வாதுமை என்பார்கள். நம்முடைய கரையோரத்தில் இலை நிறம் மாறிக் கொட்டுகிற காட்சியை வெளிப்படையாகக் காட்டுகிற மரம் இதுதான். ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ இலை சிவந்து உதிரும், கொஞ்ச நாள் வெறுங் கொப்பாக நிற்கும், பிறகு தளிர்க்கும். அதனால் 'இலை வைத்துத் தாருங்கள்' என்றால் எந்தப் பருவத்து இலை என்று முதலில் கேட்க வேண்டும். தளிர் சிறியது, மெல்லியது, நிமிர்ந்து நிற்கும். வெயில் அதை ஊடுருவி மஞ்சட்பச்சையாக வெளியே வரும். முற்றிய இலை தோல் போலத் தடித்தது. ஒளியை அவ்வளவாக ஊடுருவ விடாது, மேலே பளபளக்கும், அடியில் நிழல் கனமாக விழும். உதிரப் போகிற இலையில் பச்சையம் சிதைந்து சிவப்பு மேலெழும். பின்னால் வெயில் பட்டால் தணல் மாதிரி எரியும். எந்த இலை என்று முடிவு செய்தால் கீழே எவ்வளவு ஒளி விழும் என்பதும் முடிவாகிவிடுகிறது. நானாவின் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருந்தது, கரும்பச்சைக்குள் அங்கங்கே நாலைந்து சிவப்பு இலை. முற்றிய மரம் என்று வைத்துக்கொண்டேன்.

இணையத்தில் இலைப் படம் எடுத்து ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது எந்த ஊர் வெயில், எந்தப் பக்கத்து வெயில் என்று தெரியாது. நானாவின் படத்தில் வெயில் வலப்பக்கமிருந்து வருகிறது, காலை எட்டு மணியை ஒட்டிய வெயில். அதே நேரத்தில், வெயிலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, கடற்கரையில் நின்ற வேறொரு கொட்டங்காய் மரத்தைப் படம் எடுத்தேன். முழு மரமாக எடுக்கவில்லை. கொப்பு நுனியில் இலைகள் வட்டமாகக் கூடி நிற்கும் கொத்துகளைத் தனித்தனியாக, கீழிருந்து, பக்கவாட்டில், வெயிலுக்கு எதிராக என்று எடுத்தேன். பின்னால் வெறும் வானம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் வெட்டி எடுப்பது சுலபம். இந்தக் கொத்துகளை இடம் வலமாகத் திருப்பிப் போடக் கூடாது. கொத்து குறைவாக இருக்கிறதே என்று திருப்பினால் பாதி இலைகளுக்கு மேற்கிலிருந்து சூரியன் அடிக்கும். பார்க்கிறவருக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாது. ஆனால் மரம் பொய் என்று தெரிந்துவிடும்.

கொட்டங்காய் தட்டுத் தட்டாகக் கொப்பு விடும் மரம். இலை கொப்பின் நீளம் முழுதும் இருக்காது, நுனியில்தான் கூடியிருக்கும். தூரிகையை எடுத்துக் கொப்பெல்லாம் இலையைத் தூவினால் அது வேறு ஏதோ மரமாகிவிடும். நான் மூன்று அடுக்காக வைப்பேன்: கொப்புக்குப் பின்னால் கொஞ்சம் மங்கிய கொத்துகள், பிறகு படத்தில் இருக்கிற கொப்பு, அதன் முன்னால் தெளிவான கொத்துகள். கொப்பு அங்கங்கே மறைந்து அங்கங்கே வெளியே தெரிய வேண்டும். அளவுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. முற்றிய கொட்டங்காய் இலை ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர், மனித முகமும் கிட்டத்தட்ட அவ்வளவே. வாப்பாவின் தலைக்கு அருகில் தொங்கும் இலை அவர் முகத்தளவு இருக்க வேண்டும். ஒரே கொத்து பல இடங்களில் திரும்ப வந்தால் பச்சையில் கண் விட்டுவிடும், சிவப்பில் விடாது. எனவே சிவப்பு இலை ஒவ்வொன்றும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

இதுவரை செய்தது சுலபமான பாதி. இலை வைத்தால் நிழலும் வைக்க வேண்டும், அந்த நிழல் எங்கே விழும் என்பதில்தான் அநேகமானவர்கள் தவறுகிறார்கள். மரத்தடியில் வட்டமாகக் கறுப்பைப் பூசிவிடுவார்கள்.

படத்தில் ஒரு வேலிக்கட்டை நின்றது. அதன் நிழல் கட்டையின் உயரத்தைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு. வெயில் நேர் பக்கவாட்டிலிருந்து வந்ததால் கட்டையையும் நிழலையும் படத்திலேயே அப்படியே அளந்துகொள்ள முடிந்தது. அந்தக் கணக்குக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் நிற்கிறது. அப்படியானால் மூன்று மீற்றர் உயரத்தில் இருக்கும் கீழ்த்தட்டு இலையின் நிழல் அதற்கு நேர் கீழே விழாது. ஐந்து மீற்றருக்குச் சற்று மேலே இடப்பக்கம் தள்ளி விழும். ஆறு மீற்றர் உயரத்து மேல்தட்டின் நிழல் பத்து மீற்றர் தாண்டிப் போகும். ஆக, இலை அடர்ந்த மரமாக இருந்தாலும் அந்த நேரத்தில் அடிமரத்தின் கிழக்குப் பக்கம் வெயிலாகத்தான் இருந்திருக்கும். இருண்ட பகுதி முற்றத்தின் மறு ஓரத்தில், கிடுகு வேலிக்குக் கிட்ட.

நானாவுக்கு ஒரு கவலை இருந்தது. "வாப்பாட முகம் இருளக் கூடாது தம்பி" என்றார். எனக்கும் அதே கவலைதான். முகத்தில் நேர் வெயில் விழுந்து மூக்கு நிழல் கன்னத்தில் கூராகப் படிந்திருந்தது. அதை அழித்து நிழல் முகம் ஆக்கினால் ஆள் மாறிவிடுவார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உட்கார்ந்திருப்பவரின் முகம் நிலத்திலிருந்து 1.2 மீற்றர். அங்கிருந்து சூரியனை நோக்கி ஒரு கோடு போட்டால் அது மூன்று மீற்றர் உயரத்தைத் தொடுவது அடிமரத்திலிருந்து கிழக்கே மூன்று மீற்றர் தள்ளி. கீழ்த்தட்டுக் கொப்பு மூன்றரை மீற்றர் வரை நீண்டிருந்தது. அதாவது வெயில் மரத்தின் விளிம்பை உரசிக்கொண்டு உள்ளே நுழைகிறது. கிழக்குக் கொப்பின் நுனியில் இரண்டு கொத்தைக் குறைத்தால் போதும், முகத்து வெயிலுக்கு நியாயம் வந்துவிடும். குறைத்தேன். கடற்காற்று வருடா வருடம் நுனிகளைக் கருக்குகிற ஊரில் நுனி மெலிந்த கொப்பு யார் கண்ணையும் உறுத்தாது.

அடுத்தது நிழலுக்குள் விழும் வெயிற்பொட்டுகள். இலைக்கூட்டத்தின் சிறு இடைவெளி எந்த வடிவில் இருந்தாலும் தரையில் விழுகிற பொட்டு வட்டமாகவே இருக்கும், ஏனென்றால் அது சூரியனின் உருவம். 2010 ஜனவரி 15இல் யாழ்ப்பாணத்தில் வளையச் சூரியகிரகணம் தெரிந்தபோது மரத்தடிகளில் பொட்டுகள் மோதிரம் போல ஆகியிருக்கும். சூரியன் வானத்தில் ஏறத்தாழ அரைப் பாகை அகலம். அதனால் ஒளி இலையிலிருந்து தரைக்கு வந்த தூரத்தில் நூற்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் குறைவாகப் பொட்டின் அகலம் இருக்கும். 30 பாகை வெயிலில் கீழ்த்தட்டிலிருந்து தரைக்கு ஒளி சரிவாக ஆறு மீற்றர் வருகிறது. பொட்டு ஐந்தரை சென்ரிமீற்றர் அகலம், சரிந்து விழுவதால் அதன் இரு மடங்கு நீளம். மேல்தட்டிலிருந்து வருவது இன்னும் இரு மடங்கு பெரியது, மங்கலானது. இதைக் கமெரா நின்ற உயரத்திலிருந்து, ஆறு மீற்றர் தள்ளிப் பார்த்தால் அகலம் நசுங்கி ஒன்றரை சென்ரிமீற்றர் போலத்தான் தெரியும். படத்தில் அது வட்டமே இல்லை, கிடையாகக் கிடக்கிற மெல்லிய கீற்று. தூரிகையின் Roundness 100% இல் வைத்து வட்டம் வட்டமாகப் போட்டால் சுவரில் ஒட்டிய பொட்டு மாதிரி நிற்கும். 12% அளவுக்குக் குறைத்தால் மணலில் படுக்கும்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஆறு மீற்றர் பயணத்தில் நிழலின் விளிம்பும் அதே ஐந்தரை சென்ரிமீற்றருக்கு மங்கிப்போகும். எனவே தரையில் இலை வடிவம் தெளிவாகத் தெரியக் கூடாது. இலைத் தூரிகையாலேயே நிழலும் குத்துகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. கோலம் போட்ட மாதிரி கூர்மையான இலை நிழல்கள் மணலெல்லாம் கிடக்கும். தோளுக்கு ஒரு முழம் மேலே தொங்கும் இலை சட்டையில் கூரான நிழல் விடும், உண்மை. தரையில் விடாது.

கறுப்பைப் பூசாமல் நிழல் விழும் இடத்துக்கு மட்டும் ஒரு Curves அடுக்கைப் போட்டு இருட்டி, அதன் முகமூடியில் பொட்டுகளைத் திறந்துவிடுவதுதான் என் முறை. திறந்த இடத்தில் பழைய வெயில் மணலே வெளிவருகிறது, மணற்பரல் உட்பட. மொட்டைக் கொப்புகள் போட்டிருந்த நிழல் வலையை முதலில் அழிக்க வேண்டியிருந்தது. அடிமரமும் பெரிய கொப்பும் போட்ட பட்டைகளை மட்டும் விட்டேன்.

கடைசியாக வாப்பாவின் வெள்ளைத் தொப்பி. முகத்து வெயில் மாறாவிட்டாலும் தலைக்கு மேலே வானம் மூடப்பட்டுவிட்டது. மொட்டை மரத்தடியில் தொப்பியின் நிழற்பக்கம் வானத்தின் நீலத்தை வாங்கியிருந்தது. இலை வந்தபின் அந்த நீலம் அப்படியே இருக்கக் கூடாது. கொஞ்சம் குறைந்து, இலை வழி வந்த பச்சையும் மணலிலிருந்து கீழ்வழியாக எழும் வெளிச்சமும் சேர வேண்டும். நீலத்தைத் தணித்து மிகக் குறைந்த பச்சை கொடுத்தேன். பச்சை கொஞ்சம் கூடினாலும் முகம் நோயாளி முகமாகிவிடும், அதனால் தோலில் கை வைக்கவில்லை. தொப்பி, சட்டைத் தோள், கதிரையின் மேல்விளிம்பு, அவ்வளவுதான்.

முற்றமெல்லாம் காய்ந்த இலை கிடந்தது. முழு இலையோடு நிற்கிற மரத்தின் கீழ் அத்தனை சருகு இருக்காது, ஒரு கை அள்ளுகிற அளவு விட்டு மற்றதைத் துடைத்தேன். திரையில் சரியாக இருந்த நிழல் அச்சுத்தாளில் இன்னும் கறுக்கும் என்பதால் பிரிண்ட்டுக்கு மட்டும் ஒரு சுற்று வெளிச்சம் கூட்டினேன். நானா வாங்கிப் பார்த்துவிட்டு, சிவப்பு இலையில் ஒன்றைக் குறைக்க முடியுமா என்று கேட்டார்.