20-ஆம் தேதிக்கு மறுநாள்

திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதப் பழகிக்கொண்டிருந்தேன். டேலியில் என்ட்ரி போடுவது முதல் ரிட்டர்ன் தாக்கல் செய்வது வரை கைபிடித்துக் கற்றுத்தந்தவர் எங்கள் சீனியர் அண்ணன். அவரிடம் கடைசியாகக் கற்றது, வேலையை விட்டுப் போகிற விதம்.

ஒன்பது வருடமாக நாற்பது பார்ட்டிகளின் ஃபைல் அவர் கையில். நவம்பர் 21-ஆம் தேதி சாயங்காலம், பார்ட்டிகள் எல்லாம் போன பிறகு, ஆடிட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அந்தத் தேதிக்குக் காரணம் இருந்தது. 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி முடிந்துவிடும், அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 வர 11-ஆம் தேதி ஆகும். ஆடிட் ரிப்போர்ட் நெருக்குகிற செப்டம்பரில் இதே கடிதத்தை நீட்டியிருந்தால், ஆடிட்டருக்கு அது பாதியில் விட்டுவிட்டு ஓடுவதாகத்தான் பட்டிருக்கும்.

மறுநாள் காலை எங்கள் ஆறு பேரையும் உட்காரவைத்து ஆடிட்டரே சொன்னார். டிசம்பர் 31 வரை அண்ணன் இருப்பார், எந்த ஃபைல் யாருக்கு என்பதையும் அப்போதே பிரித்துவிட்டார். தினமும் என்னோடு டீ குடித்த மனுஷன் எனக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்குச் சுருக்கென்றது. டீக்கடையில் கேட்டேவிட்டேன்.

"உங்கிட்ட சொல்லியிருந்தா, ஆடிட்டர் கேக்கறப்ப நீ பொய் சொல்லோணும். அந்த பாரத்த எதுக்கு உந்தலையில ஏத்தறது?" என்றார்.

பார்ட்டிகளுக்குச் சொல்ல இரண்டு நாள் ஒதுக்கினார்கள். வாட்ஸப் குரூப்பில் போடவே இல்லை. ஆடிட்டர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார், அண்ணன் பக்கத்தில் இருப்பார். எல்லோருக்கும் ஒரே விஷயம்: அண்ணன் டிசம்பரோடு ஒரு கம்பெனி வேலைக்குப் போகிறார், உங்கள் ஃபைலை இனி இன்னார் பார்ப்பார். அந்த இன்னாரும் அதே போனில் ஒரு வணக்கம் சொல்வார். துறை நோட்டீஸோ ரீஃபண்டோ நிலுவையில் இருந்த நான்கு பேரை மட்டும் நேரில் போய்ப் பார்த்தார்கள். யாருக்கு முதலில் என்பதையும் அண்ணன்தான் முடிவு செய்தார். பெரிய பார்ட்டியா சின்ன பார்ட்டியா என்று பார்க்கவில்லை. நாலு பேரோடு அதிகம் பேசுகிறவர்களைப் பட்டியலின் தலையில் வைத்தார். அவர்களுக்கு அரைகுறையாகத் தெரிந்தால் மீதியைத் தாங்களே நிரப்பிவிடுவார்களாம்.

இதில் கெடுத்தது நான். பல பார்ட்டிகளின் ஜிஎஸ்டி போர்ட்டலில் முதலாளியின் நம்பருக்குப் பதிலாக அண்ணனின் செல் நம்பர்தான் இருந்தது. ஓடிபி அவசரத்துக்காக அந்தக் காலத்தில் பதிந்தது, பல ஆபீஸ்களில் உள்ள கெட்ட பழக்கம். எத்தனை பேருக்கு அப்படி என்று பட்டியல் எடுக்கச் சொன்னார் அண்ணன். நான் சுறுசுறுப்பைக் காட்ட, அன்று மத்தியானமே ஒரு சாயப்பட்டறைக்காரரின் நம்பரை மாற்றத் தொடங்கினேன். ஓடிபி அவர் போனுக்குப் போனது. அவருக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஐந்து மணிக்கு வேறொரு பார்ட்டி கூப்பிட்டார்: "ஏனுங்க தம்பி, ஆபீஸ மூடறீங்களாமா?" ஆறு மணிக்கு இன்னொருவர், அதே 'மூடறீங்களாமா'. இருவர் வாயில் ஒரே சொல் வந்தால் ஊற்று ஒன்றுதான் என்றார் அண்ணன். ஆனால் யார் சொன்னது என்று அவர்களிடம் கேட்கவிடவில்லை. கேட்டால் ஏதோ மறைக்கிறோம் என்றாகிவிடும். ஆடிட்டர் முதலில் சாயப்பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, சொல்லாமல் நம்பரை மாற்றப்போனது எங்கள் தப்பு என்று ஒப்புக்கொண்டு, விஷயத்தைச் சொன்னார். பிறகு அந்த இருவருக்கும் அதே விஷயம். 'வதந்தியை நம்பாதீர்கள்' என்ற பேச்சே வரவில்லை. மீதி இருந்தவர்களுக்கும் அன்று இரவு எட்டரைக்குள் போன் போட்டு முடித்தார்கள். இரண்டு நாள் திட்டம் ஒரே நாளாகச் சுருங்கியது என்னால்தான்.

நேரில் பார்த்தவர்களில் ஒரு நிட்டிங் முதலாளி, ஆடிட்டர் கார் வரைக்கும் போன நேரம் பார்த்து, "நீங்க தனியா ஆபீஸ் போட்டா சொல்லுங்க, ஃபைலத் தூக்கிட்டு வந்தர்றேன்" என்றார். அண்ணன் சிரித்தார். "போடலீங்க. போட்டாலும் உங்க ஃபைல் அங்கதாங்க இருக்கோணும்" என்றார். திரும்பி வரும்போது காரில் அதை ஆடிட்டரிடமும் சொல்லிவிட்டார். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று எனக்கு அன்று தோன்றியது. இன்று அப்படித் தோன்றவில்லை. அந்த முதலாளி எப்படியும் நாலு இடத்தில் பேசக்கூடியவர்.

ஜனவரி 11-ஆம் தேதி, பட்டியலில் நான் தவறவிட்ட ஒரு பார்ட்டியின் ஓடிபி அண்ணன் போனுக்குப் போய்விட்டது. கூச்சத்தோடு அவரை அழைத்தேன். ஆறு எண்ணையும் நிதானமாகச் சொன்னார்.

"நம்பர இன்னிக்கே மாத்தீரு. மாத்தறதுக்கு முன்னாடி அவருக்கொரு போன் போடு."